ஆடிப்பெருக்கு விருந்தின் மீதி நாய்களுக்கு வேண்டாம்: நம் குடியிருப்பு விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆடிப்பெருக்குச் சித்ரான்ன விருந்துக்கான உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், திராட்சை போட்ட தயிர் சாதம் என்று பட்டியல் நாவூற வைக்கிறது. பெங்களூரில் இருந்துகொண்டு காவிரியை நினைத்து இலை போட்டுச் சாப்பிடுவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கடைசி வரியில், மீதமாகும் உணவு வழக்கம்போல் பின்கேட் தொட்டியில் வாயில்லா ஜீவன்களுக்கு வழங்கப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். சித்திரை விருந்துக்குப் பிறகு நம் பின்கேட் நாய் மணிக்கு என்ன ஆனது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எப்படி இந்த வரியை எழுதினீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்து மீதியை அந்தத் தொட்டியில் கொட்டாதீர்கள். நாய்களுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தாளிப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.

மணிக்கு நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். வெயில் தாங்கவில்லை என்றார் ஒருவர், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். விருந்தன்று மாலை தொட்டியில் விழுந்தது தயிர் சாதப் பாத்திரத்தின் அடிமண்டி. கல்யாணத் தயிர் சாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முந்திரி, கறுப்புத் திராட்சை, உலர்திராட்சை எல்லாம் கனத்தில் கீழே இறங்கி அடியில்தான் தங்கியிருக்கும். மணி அதை வழித்துத் தின்றது. அன்று இரவே இரண்டு முறை வாந்தி. வாந்தியில் உப்பிப்போன உலர்திராட்சைகள் முழுசு முழுசாகக் கிடந்ததை இரவுப் பணியில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் பார்த்திருக்கிறார். மறுநாள் தண்ணீரைத் தேடித் தேடிக் குடித்தது, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள் வழக்கமாகக் காலைத் தூக்கும் கம்பத்தருகே போய் நின்றது, ஒன்றும் வரவில்லை. வாயில் ஒருவித மூத்திர வாடை. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏழைத் தாண்டியிருந்தது. நாய்க்கு அது ஒன்றரையை ஒட்டி இருக்க வேண்டும். டிரிப் ஏற்றியும் சிறுநீர் பிரியவில்லை. அந்த வாரத்துக்குள் மணி போய்விட்டது.

இதைச் சொன்னபோது குழுவில் ஒரு பெரியவர் கேட்டார்: "அதே சாதத்தைத் தின்ன செவலை நாய் குத்துக்கல்லாட்டம் இருக்கே?" நியாயமான கேள்விதான், அதனால் பதில் சொல்கிறேன். திராட்சை விஷயத்தில் இப்படித்தான் நடக்கும். ஒரு நாய் கால் கிலோ தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று ஒரு கைப்பிடி உலர்திராட்சையில் விழுந்துவிடும். நாயின் எடையில் கிலோவுக்கு மூன்று கிராமுக்கும் குறைவான உலர்திராட்சையிலேயே சிறுநீரகம் கெட்டதாகப் பதிவுகள் உண்டு. பதினைந்து கிலோ மணிக்கு அது நாற்பது கிராம், பாயசத்துக்கு நாம் வறுத்துப் போடுகிற அளவு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பல வருடங்கள் புதிராகவே இருந்தது. 2021இல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். ரகத்துக்கு ரகம், காய்க்கும் பழத்துக்கும் அதன் அளவு மாறும். அந்த அமிலத்தை நாயின் சிறுநீரகத்தால் நம்மைப் போல எளிதாக வெளியேற்ற முடிவதில்லை என்பதே இப்போதைய விளக்கம். அவர்கள் கண்டுகொண்டது திராட்சையால் அல்ல. கேக் செய்யப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்டர் பொடியைத் தின்ற நாய்க்கும் இதே வாந்தி, இதே சிறுநீரகச் செயலிழப்பு வந்திருந்தது. புளியைத் தின்ற நாய்களுக்கும் வந்திருந்தது.

ஆமாம், புளிதான். டார்டாரிக் அமிலம் மிக அதிகமாக உள்ள பழங்களில் ஒன்று நம் புளி. உங்கள் பட்டியலில் முதலில் இருப்பது புளியோதரை. நம் ஊர் நாய்கள் காலங்காலமாகச் சாம்பார் சாதம் தின்று வாழவில்லையா என்று கேட்பீர்கள். ஒரு வாய்ச் சாம்பாரில் கரைந்திருக்கும் புளி வேறு, எண்ணெய் பிரியச் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலில் பிசைந்த சாதம் ஒரு பாத்திரம் முழுக்க வேறு. இத்தனை வரை தின்னலாம் என்று யாரும் எல்லை வகுத்துத் தரவில்லை. அதனால் தொட்டிக்குப் புளியோதரை கூடாது, திராட்சை எந்த வடிவத்திலும் கூடாது. தப்பித் தவறித் தின்றுவிட்டால் வாந்திக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். முதல் ஓரிரு மணி நேரத்தில் அவரே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார், பிறகு இரண்டு நாள் டிரிப்பில் வைப்பார். நாமாக உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றுவது இன்னொரு ஆபத்து.

சரி, அப்போது தயிர் சாதமே ஆகாதா? தாராளமாக ஆகும். உப்பு, கடுகு, மிளகாய், பெருங்காயம், வெங்காயம் இல்லாமல் குழைந்த சாதத்தில் கொஞ்சம் தயிர் கலந்து வைத்தால் வெயில் நாளில் நாய் விரும்பித் தின்னும். ஆனால் அதை மட்டுமே மூன்று வேளையும் போட்டு வளர்ப்பதுதான் தவறு. பதினைந்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி வேண்டும். அதைத் தயிர் சாதத்திலேயே நிரப்பினால் முக்கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். வயிறு ரொம்பிவிடும், ஆனால் புரதம் இருபத்து மூன்று, இருபத்து நான்கு கிராமோடு நின்றுவிடும். தேவை நாற்பதை ஒட்டியது. சுண்ணாம்புச் சத்தும் பாதிக்குக் கீழேதான். நம் பின்கேட் நாய்களின் முடி ஏன் இப்படிப் பொலிவில்லாமல் உதிர்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நாய்க்கு ஒரு நாள் சாப்பாட்டை ஒழுங்காகச் செய்தால் இப்படி வரும். வெந்த சாதம் 350 கிராம், எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 150 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, பூசணியோ கேரட்டோ ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்து மாவாகப் பொடித்து அரைத் தேக்கரண்டி சேர்த்தால் சுண்ணாம்புக் குறை தீரும். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். தெருவில் நாலு கை ஊட்டும் நாய்க்குப் பாதி போதும். முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. கோழிக் கடை தொலைவில் இருந்தால் முட்டையை ஐந்தாக்கிக் கொள்ளலாம், ஒன்றும் மோசமில்லை.

பால் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஏனென்றால் இதே சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தியில், பேஸ்மெண்டில் நாய்கள் அசிங்கம் செய்வதைப் பற்றி நீங்கள் கொதித்திருக்கிறீர்கள். தினமும் காலையில் அரை லிட்டர் பாலை ஊற்றிவிட்டு அதன் விளைவைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொள்வது நல்ல வேடிக்கை. பால்குடி மறந்த நாயின் குடலில் பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. அரை லிட்டர் பசும்பாலில் அது இருபது கிராமுக்கு மேல் இருக்கிறது. செரிக்காதது குடலில் நீரை இழுத்துக்கொண்டு வெளியே வரும், வந்தால் பார்க்கிங்கில்தான் விழும். தயிரில் நொதிப்பு அதைக் கொஞ்சம் குறைத்துவிடுவதால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். டி பிளாக் மாமியின் அன்பை நான் குறை சொல்லவில்லை. பாலுக்குப் பதில் அந்தக் காசில் முட்டை வாங்கி வேகவைத்து வைக்கச் சொல்லுங்கள், பேஸ்மெண்டும் சுத்தமாகும்.

இன்னொன்று. புகார் வந்ததும் உங்களில் சிலர் எதிர்ப்பக்கம் தாவி, இனி யாரும் எந்த நாய்க்கும் எதுவும் போடக் கூடாது என்று பேசுவதாகக் கேள்விப்பட்டேன். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளைப் படித்துப் பாருங்கள். குடியிருப்புச் சங்கமே உணவிட ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், குழந்தைகள் விளையாடும் இடமும் நுழைவாயிலும் படிக்கட்டும் தவிர்த்து இடத்தையும் நேரத்தையும் குறிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கே போடுவது என்பதற்கு இரண்டு மணி நேரம் கூட்டம் போட்ட நீங்கள், என்ன போடுவது என்பதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கவில்லை. ஈரக்குப்பைக்காரர் விருந்து மீதியை எடுக்க மறுத்ததால்தான் அந்தத் தொட்டியே வந்தது என்பதும் நமக்குள் தெரிந்த கதை. குப்பையைக் கழிக்க ஜீவகாருண்யம் என்று பெயர் வைத்துப் படம் எடுத்துப் போட வேண்டியதில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சமையல்காரரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது அதிகமில்லை. சாதம் வடித்ததும் உப்பு போடுவதற்கு முன்பாகவே ஒரு பெரிய பாத்திரத்தில் தனியாக எடுத்து ஆறவைக்கச் சொல்லுங்கள். அன்று மாலை ஆறு நாய்களுக்கு இரண்டு கிலோ வெந்த சாதம் தாராளம். அதில் ஒரு டஜன் வேகவைத்த முட்டையை உதிர்த்துப் போட்டு, அரை லிட்டர் தயிரைக் கலந்தால் போதும். விருந்து சைவம் என்பதால் முட்டையை என் வீட்டிலேயே வேகவைத்துக் கொண்டு வருகிறேன், செலவும் என்னுடையது. புளியோதரை, தாளித்த தயிர் சாதம், பாயசம் எது மிஞ்சினாலும் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். இலையில் மிஞ்சியது உரக்குழிக்குப் போகட்டும்.

விருந்து மீதியைத் தொட்டியில் கொட்ட வேண்டாம் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். திருத்திய சுற்றறிக்கையை மளிகைச் சாமான் பட்டியல் போடுவதற்கு முன்பாகவே ஒட்டிவிடுங்கள். பின்கேட் தொட்டியின் மேல் ஒட்ட, திராட்சை, புளி, வெங்காயம், பூண்டு, கோழி எலும்பு கூடாது என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய அட்டை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்
முருகேஷ்பாளையா, பெங்களூரு