விசாலத்துக்கு, ஒரு தேவாரத்தைப் பற்றி

அன்புள்ள விசாலம்,

நான்கு மாதமாக உன் கடிதம் மேசையிலேயே கிடக்கிறது. திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. பெரியம்மாவுக்கு முழங்கால் தேவலை. மாடி ஒழுகல் நின்றுவிட்டது. சின்னவன் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறான். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். உட்கார்ந்து எழுதுவது வேறு விஷயத்துக்காக.

காது கேளாத நம் தையற்கடை அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வெள்ளிக்கிழமைதோறும் கடைசித் தூணடியில் உட்கார்ந்திருப்பார்களே, நீ இங்கே இருந்தபோதும் அப்படித்தான். நாம் பாடுவோம், அவர்கள் கைகூப்பி இருப்பார்கள், தீபாராதனை ஆனதும் திருநீறு வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனியில் ஒரு நாள் அவர்கள் மகள் என்னிடம் வந்து, "பாட்டி, எல்லாரும் சேர்ந்து என்ன சொல்றீங்கன்னு அம்மா கேக்கறாங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி நமக்கு ஏன் தோன்றவில்லை?

ஓதுவார் ஐயாவிடம் சொன்னேன். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம் என்றார். 'மாசில் வீணையும்' என்று முடிவாயிற்று. நான்கே அடி. அத்தனை பேருக்கும் மனப்பாடம், அதனால் கையில் புத்தகம் வேண்டாம். அதோடு வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று முழுக்க முழுக்கக் கையில் காட்டக்கூடிய பொருள்கள்.

முதல் முயற்சி வீணாய்ப் போனது. பரதம் சொல்லிக்கொடுக்கும் நம் கமலா நிலவுக்கும் வண்டுக்கும் அழகான முத்திரைகள் வைத்துத் தந்தாள். நாங்கள் ஒரு வாரம் பழகி அக்கா முன்னால் செய்து காட்டினோம். அவர் மரியாதையாகச் சிரித்தார். மகளிடம் கேட்டால், "டான்ஸ் நல்லா இருக்குன்னு சொல்றாங்க, என்ன அர்த்தம்னு கேக்கறாங்க." முத்திரை படித்தவர்களுக்குத்தான் முத்திரை. காது கேளாதவர்கள் பேசும் சைகை மொழி தனி மொழி, அதற்கென்று இலக்கணம் உண்டு. டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் போட்ட அகராதியில் 2021-லேயே பத்தாயிரம் சொல் சேர்ந்துவிட்டது. பக்கத்திலேயே ஒரு மொழியை வைத்துக்கொண்டு நாங்கள் இன்னொன்றைத் தேடியிருக்கிறோம்.

அடுத்த வெள்ளியிலிருந்து அக்காவையே சொல்லித்தரச் சொன்னோம். அவர் முதலில் கண்டுபிடித்த கோளாறு பாட்டின் வரிசையில் இருந்தது. அப்பர் ஐந்து பொருளை அடுக்கிவிட்டு, கடைசி அடியில்தான் 'ஈசன் எந்தை இணையடி நீழலே' என்கிறார். காதால் கேட்பவன் அந்த 'போன்றதே'க்காகக் காத்திருப்பான். ஆனால் அக்காவின் மொழியில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து படம் வெறுமனே கடந்துபோகும். அதனால் பாட்டு தொடங்குமுன், சுருதி மட்டும் ஓடும்போது, அவர் சன்னிதியைக் காட்டி, நெற்றியில் விரலை நெட்டாக வைத்து ஈசன் என்கிறார். இரண்டு உள்ளங்கையும் கீழ்நோக்கிப் பக்கம் பக்கமாக வந்தால் திருவடி. ஒரு கை தலைக்கு மேல் குடையாக விரிந்தால் நிழல். பிறகு புருவத்தை உயர்த்துகிறார், எப்படி இருக்கும் அந்த நிழல் என்று கேட்பதுபோல. அதன் பிறகு ஓதுவார் ஐயா 'மாசில்' என்று எடுக்கிறார். கடைசி அடியில் திருவடி மறுபடி வருகிறது, இரண்டு ஆள்காட்டி விரலும் ஒட்டி நின்று 'போல' என்று முடிக்கிறது.

ஒவ்வொரு சொல்லுக்கும் சைகை வைக்கவில்லை. முதலில் அப்படிச் செய்து, 'உம்' 'உம்' என்று வருவதற்கெல்லாம் கையை ஆட்டி, பாட்டு முடிந்தபின்னும் நாங்கள் வண்டிலேயே நின்றோம். இப்போது ஓர் அடிக்கு இரண்டு அசைவு. நிலவுக்கு இடது முழங்கையைப் படுக்கையாக வைத்தால் அதுதான் அடிவானம், அதன் பின்னாலிருந்து வலது கை வட்டமாக மெல்ல ஏறும். தென்றலுக்குக் கை மட்டும் போதாது, கண் பாதி மூடித் தோள் தளர வேண்டும். முகம் மாறாவிட்டால் அது தென்றலா புயலா என்று தெரியாது என்கிறார் அக்கா. நம் ஆட்கள் கையைச் சரியாகச் செய்துவிட்டு முகத்தைக் கல்லாக வைத்திருக்கிறார்கள், இன்னும் அதுதான் பெரும் பாடு.

வீணையில்தான் எனக்குப் பயம். ஐந்தில் இரண்டு ஓசையைப் பற்றியது. காது கேளாத ஒருவரிடம் மாசில்லாத வீணை என்று எப்படிச் சொல்வது? ஓதுவார் ஐயா பதிலே சொல்லவில்லை. தம்பூராவை எடுத்துவந்து அக்காவின் கையைக் குடத்தின் மேல் வைத்து மீட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு வீணை மீட்டுவதுபோல் காட்டி, விரல்களை நடுங்கவிட்டபடி அந்தக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய் வைத்தார். அதுவே முதல் அடியின் சைகை. வண்டுக்கும் அதே நடுக்கம், விரல் நுனி பொய்கை மேல் வட்டமிட்டு இறங்கும்போது. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் இருந்து பாடிய பாட்டு என்று மகள் வழியாக ஐயா சொன்னதும், அக்கா நிழல் சைகையில் ஒரு குளிர்ச்சியைச் சேர்த்தார், மூச்சை உள்ளே இழுத்து. நான் ஐம்பது வருஷமாகப் பாடுகிறேன் விசாலம், அந்த நிழலின் குளிர்ச்சி எனக்கு இப்போதுதான் மேலில் பட்டது.

நடைமுறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், உன் கூட்டத்துக்கு உதவும். தாளம் எல்லார் கையிலும் இருந்தால் சைகைக்குக் கையே இல்லை. இப்போது ஒருவர் மட்டும் தாளம் போடுகிறார், அவர் கை எல்லாருக்கும் தெரியும்படி உட்காருகிறார், அக்காவுக்குக் காலப்பிரமாணம் அதிலிருந்துதான். மிருதங்கத்தின் அதிர்வு கல்தரையில் வராது, பலகை போட்டு உட்கார்ந்தால் ஓரளவு வருகிறது. அக்கா விளக்குக்கு முன்னால் நின்றால் முகம் இருண்டுவிடும், வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும். அதைவிட முக்கியம், சன்னிதியையும் அவரையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி வாசலை ஒட்டி நிற்க வேண்டும். நாம் தீபத்தைப் பார்த்துக்கொண்டே காதால் கேட்போம். அவர்களுக்கு இரண்டுக்கும் கண் ஒன்றுதான். நம்மவர்கள் உருகிப்போய்க் கண்ணை மூடிப் பாடுவதைத்தான் நிறுத்த முடியவில்லை, ஐயாவே மூடிக்கொள்கிறார்.

இந்த நான்கு அடியால் நாங்கள் அவர் மொழி பேசிவிடவில்லை. சென்ற வாரம் திருவிழா வரவுசெலவு பேசியபோது அவர்கள் மறுபடி தூணடியில்தான். எல்லாவற்றுக்கும் அந்தக் குழந்தையை இழுப்பதும் சரியில்லை, அவளுக்குப் பதினோரு வயது. சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மாதம் ஒரு முறையாவது வரவழைக்க விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவின் வீட்டுக்காரர் வேறு ஊர்ப் பள்ளியில் படித்தவர், ஈசனுக்கு அவர் சைகை வேறு. இருவரும் அதைப் பற்றிப் பிரகாரத்தில் நின்று கைகளால் சண்டை போட்டது பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

உன் கூட்டத்தில் பால்காரர் மகன் வருகிறானே, அவனிடம் முதலில் கேள். பாட்டையும் நீ முடிவு செய்யாதே, அவனே தேர்ந்தெடுக்கட்டும். மார்கழிக்கு நீ வந்தாக வேண்டும். நார்த்தங்காய் ஊறுகாய் உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மரகதம்