ஊசியை மாற்றினால் போதாத நிமோனியா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான நிமோனியா கட்டுரையைப் படித்தேன். முதியவர்களுக்கு மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது என்று அழுத்தமாக எழுதியிருந்தது நல்ல விஷயம். ஆனால் "மாத்திரைக்குக் கேட்காவிட்டால் இன்னும் வீரியமான ஊசிக்கு மாற வேண்டும்" என்ற ஒரு வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பல வருடங்களாகப் பொது மருத்துவராக இருக்கிறேன். இந்த எண்ணத்தால் நோயாளிகள் விலைமதிப்பற்ற நாட்களை இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை என்றால் பெரும்பாலும் அமாக்ஸிசிலின். ஊசி என்றால் செஃப்ட்ரியாக்ஸோன். அதற்கும் காய்ச்சல் இறங்காவிட்டால் பைபராசிலின், அப்புறம் மெரோபெனம். ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. ஆனால் இவை எல்லாமே பீட்டா-லாக்டாம் என்ற ஒரே குடும்பம், செய்வதும் ஒரே வேலை. பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் செல்சுவரை இவை முடிக்கவிடாது. சுவர் பலவீனமானதும் உள்ளிருக்கும் அழுத்தத்திலேயே கிருமி வெடித்துச் சாகும். நிமோனியாவுக்கு அடிக்கடி காரணமாகும் நிமோகாக்கஸிடம் இது நன்றாகப் பலிக்கிறது.

மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. அதைச் சுற்றி இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டும்தான். அந்தச் சவ்வுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைக்கூட அது நம் உடலிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. மெரோபெனத்தை எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் போய் ஒட்டுவதற்கு அங்கே இடம் இல்லை. பழகிப்போய் மருந்தை எதிர்க்கக் கற்ற கிருமியின் கதை வேறு. இது பிறவியிலேயே அந்த மருந்துக்கு அகப்படாத கிருமி.

லெஜியோனெல்லாவுக்குச் சுவர் உண்டு. அது தப்பிப்பது ஒளியும் இடத்தால். தண்ணீரில் அமீபாவுக்குள் புகுந்து பெருகிப் பழகிய கிருமி அது. நம் நுரையீரலுக்குள் வந்ததும், கிருமிகளை விழுங்கிச் செரிக்க வேண்டிய மேக்ரோபேஜ் என்ற வெள்ளையணுவையே அமீபாவாக ஆக்கிக்கொள்கிறது. விழுங்கப்பட்ட கையோடு தன் புரதங்களை அந்த அணுவுக்குள் செலுத்தி, செரிமானம் நடக்காதபடி தடுத்து, உள்ளேயே பெருகுகிறது. பீட்டா-லாக்டாம் மருந்துகள் ரத்தத்திலும் திசுநீரிலும் நிறைய இருக்கும். ஆனால் உயிருள்ள அணுவுக்குள் போதிய அளவில் தங்குவதில்லை. போதாததற்கு, அந்த மருந்துகளில் பலவற்றைச் சிதைக்கும் என்சைமையும் இந்தக் கிருமி தயாரிக்கிறது. அதனால்தான் ஆய்வுக்கூடத் தட்டில் சில பீட்டா-லாக்டாம்கள் இதைக் கொல்வதாகத் தெரிந்தாலும் அந்த முடிவை நம்பி வைத்தியம் செய்வதில்லை.

இந்த இரண்டுக்கும் வேண்டியவை அணுவுக்குள் நுழைந்து சுவரைத் தவிர வேறு இடத்தில் அடிக்கும் மருந்துகள். அசித்ரோமைசினும் டாக்ஸிசைக்ளினும் கிருமி புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத் தடுக்கும். லெவோஃப்ளாக்ஸசின் அதன் டி.என்.ஏ.வைக் கையாளும் என்சைம்களைத் தடுக்கும்.

இதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதே ஒரு பெரிய இழப்புக்குப் பிறகுதான். 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில், பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஹோட்டலில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு நடந்தது. முடிந்து ஊர் திரும்பியவர்கள் அடுத்தடுத்து நிமோனியாவில் விழுந்தார்கள். ஹோட்டலுக்கு அருகில் இருந்தவர்களையும் சேர்த்து 34 பேர் இறந்தார்கள். நுரையீரல் திசுவை வழக்கமான கிராம் சாயமிட்டுப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை, வழக்கமான தட்டுகளில் எதுவும் வளரவில்லை. விஷப்பொருளோ என்றுகூடச் சந்தேகித்தார்கள். ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி, டிசம்பர் கடைசியில் தன் பழைய ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். கினி பன்றித் திசுவில் முன்பு பொருட்படுத்தாமல் விட்ட சில குச்சி வடிவக் கிருமிகளை அப்போது விடாமல் துரத்தினார். 1977 ஜனவரியில் கிருமி அறிவிக்கப்பட்டது, அதுதான் லெஜியோனெல்லா. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. கிருமியின் பெயர் தெரியாத அந்த மாதங்களின் சிகிச்சைக் குறிப்புகளைப் பிறகு தொகுத்துப் பார்த்தபோது, எரித்ரோமைசினோ டெட்ராசைக்ளினோ கிடைத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. பீட்டா-லாக்டாம் குடும்பத்து செஃபலோதின் கிடைத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

சரி, எக்ஸ்ரேயில் இதைக் கண்டுபிடிக்க முடியாதா? பொதுவாக முடியாது. இவற்றை வித்தியாசமான நிமோனியா என்று சொல்வதால், படமும் வித்தியாசமாக, வலை பின்னினாற்போல இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த ஒரு நோயாளியைச் சொல்கிறேன். ஐம்பதுகளில் இருந்தவர். வலது கீழ்ப்பகுதியில் அடர்ந்த வெள்ளை, புத்தகத்தில் நிமோகாக்கஸுக்குப் போட்டிருக்கும் படம் போலவே. வேறோர் இடத்தில் மூன்றாவது நாளாக செஃப்ட்ரியாக்ஸோன் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல் 104 டிகிரி ஃபாரன்ஹீட். நாடித்துடிப்போ 88 மட்டுமே. காய்ச்சல் ஏற ஏற நாடியும் ஏற வேண்டும். 102 டிகிரிக்கு நிமிடத்துக்கு 110 அளவிலும், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் இன்னொரு பத்தும் என்று தோராயமாகக் கணக்கு வைப்போம். அப்படிப் பார்த்தால் இவருக்கு 130 பக்கம் இருந்திருக்க வேண்டும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற இதய மாத்திரை எடுப்பவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. இவர் எதுவும் எடுக்கவில்லை.

இருமல் வறண்டிருந்தது. நெஞ்சைவிட வயிறுதான் அவரைப் படுத்தியது, தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. "ராத்திரியில் சம்பந்தம் இல்லாமல் பேசுறார் டாக்டர்" என்று மனைவி சொன்னார். ரத்தத்தில் சோடியம் 124 ஆகக் குறைந்திருந்தது. கல்லீரல் என்சைம்களும், தசை சிதைவைக் காட்டும் சி.பி.கே.யும் ஏறியிருந்தன. சளியைச் சாயமிட்டுப் பார்த்தால் வெள்ளையணுக்கள் நிறைய, கிருமி ஒன்றும் இல்லை. அவர் ஒரு வாரத்துக்கு முன் வெளியூர் சுற்றுலாவில் ஹோட்டலில் தங்கியிருந்தது கேட்ட பிறகுதான் தெரிந்தது. லெஜியோனெல்லா வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகி, ஷவர், கூலிங் டவர் போன்றவற்றின் நுண்துளிகள் வழியாக மூச்சில் போகிறது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டிலிருந்து பத்து நாட்கள். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுவது அபூர்வத்திலும் அபூர்வம்.

இந்தத் துப்புகளில் எது ஒன்றும் தனியாக எதையும் நிரூபிக்காது. நிமோகாக்கஸிலும் சோடியம் குறையும். டைபாய்டிலும் நாடி பின்தங்கும். ஆனால் அத்தனையும் ஒரே ஆளிடம் சேரும்போது அடுத்த படி மெரோபெனமாக இருக்கக் கூடாது. லெவோஃப்ளாக்ஸசின் சேர்த்தோம், சிறுநீரில் லெஜியோனெல்லா ஆன்டிஜென் பரிசோதனைக்கு அனுப்பினோம். பாசிட்டிவ் வந்தது. நெகட்டிவ் வந்திருந்தாலும் மருந்தை நிறுத்தியிருக்க மாட்டேன். அந்தப் பரிசோதனை முக்கியமாகப் பிடிப்பது லெஜியோனெல்லா நிமோஃபிலாவின் முதல் வகையை மட்டுமே. மற்றவற்றுக்குச் சளியில் பி.சி.ஆர். பார்க்க வேண்டும்.

மைக்கோபிளாஸ்மாவின் முகம் வேறு. விடுதி மாணவர்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று இரண்டு மூன்று வார இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக விழுவார்கள். எக்ஸ்ரே பயமுறுத்தும், ஆனால் ஆள் நடந்து வந்து உட்கார்ந்து பேசுவார். நாள்கணக்கில் வறட்டு இருமல், வெள்ளையணு எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பு. சிலருக்கு உதடும் வாயும் புண்ணாகித் தோலில் தடிப்பு வரும். எனக்குப் பிடித்த துப்பு லேபிலிருந்து வருவது. இந்தக் கிருமிக்கு எதிராக உடல் தயாரிக்கும் ஒருவகை ஆன்டிபாடி குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும். மெஷின் அந்தக் கட்டிகளை ஒரே பெரிய அணு என்று எண்ணுவதால், சிவப்பணு எண்ணிக்கை காரணமில்லாமல் குறைந்தும், சிவப்பணுவில் ஹீமோகுளோபின் செறிவைக் காட்டும் எம்.சி.எச்.சி. நடக்கவே முடியாத உயரத்திலும் வரும். அனுபவமுள்ள டெக்னீஷியன் குழாயை 37 டிகிரி செல்சியஸில் சூடாக்கித் திரும்ப ஓட்டுவார், எண்கள் சரியாகிவிடும். அவர் டாக்டரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் அது பெரிய உதவி. எல்லா மைக்கோபிளாஸ்மா நோயாளிகளிடமும் இது வராது, வேறு நோய்களிலும் வரும். இருந்தாலும் இருமும் மாணவனிடம் இதைப் பார்த்தால் நான் அமாக்ஸிசிலினை நம்பிக் காத்திருக்க மாட்டேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் அசித்ரோமைசின் வாங்கிப் போட வேண்டாம். சீனாவிலும் ஜப்பானிலும் அந்த மருந்து பிடிக்காத மைக்கோபிளாஸ்மா பரவலாகிவிட்டது. ரைபோசோமுக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே மருந்து ஒட்டாது. அங்கே இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் டாக்ஸிசைக்ளின் போன்றவற்றுக்கு மாறுகிறார்கள். லெவோஃப்ளாக்ஸசினுக்கும் நம் நாட்டில் தனி ஆபத்து உண்டு. அது காசநோயையும் பாதி அடக்கிவிடும். நோயாளி தேறுவது போலத் தோன்றி, காசநோய் கண்டறிவது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். ஆகவே இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் முதலில் சளியைக் காசநோய்க்கு அனுப்பிவிட்டுத்தான் இந்த மருந்தை எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில், சிற்றுண்ணிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலையும் மறக்கக் கூடாது. அதுவும் அணுவுக்குள் வாழும் கிருமி, அதுவும் நுரையீரலைத் தாக்கும், செஃப்ட்ரியாக்ஸோனுக்குக் கேட்காது. அக்குள், இடுப்பு, மார்புக்கு அடியில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்க வேண்டும், இருந்தால் டாக்ஸிசைக்ளினை அன்றே தொடங்கலாம்.

பீட்டா-லாக்டாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிமோகாக்கஸைத் தவறவிட்டாலும் உயிர் போகும். தீவிர நிமோனியா என்றால் முதல் நாளிலிருந்தே பீட்டா-லாக்டாமோடு அசித்ரோமைசினோ லெவோஃப்ளாக்ஸசினோ சேர்த்துத் தருவதுதான் முறை. சாதாரண வார்டில் இருக்கும் எல்லோருக்கும் இரண்டும் தேவையில்லை. நெதர்லாந்தில் நடந்து 2015ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் பீட்டா-லாக்டாம் மட்டும் கொடுத்ததால் இறப்பு விகிதம் கூடிவிடவில்லை. அந்த நாட்டில் லெஜியோனெல்லாவுக்கான சிறுநீர்ப் பரிசோதனை எளிதில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

கடைசியாக, நோயாளியின் குடும்பத்தினருக்கு ஒரு தகவல். லெஜியோனெல்லாவுக்குச் சரியான மருந்து தொடங்கிய பின்னும் காய்ச்சல் இறங்க மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகலாம். அதற்குள் எடுக்கும் எக்ஸ்ரே முன்பைவிட மோசமாகக்கூடத் தெரியும். நான் சொன்ன நோயாளிக்கும் அப்படித்தான் ஆனது. ஆனால் மூச்சு, ஆக்ஸிஜன், தெளிவு மூன்றும் தேறிக்கொண்டிருந்தன, மருந்தை மாற்றவில்லை. படம் முழுக்கச் சுத்தமாக இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனது. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்,
கோவை