கருத்தடை மையத்துக்கு வரும் தெருநாய்களுக்கு டிஸ்டெம்பர் தடுப்பூசி: நகராட்சி ஆணையருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர் மற்றும் வார்டு பொதுமக்கள்

பெறுநர்:
ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம்

நகல்:
உதவி இயக்குநர் அவர்கள், கால்நடை பராமரிப்புத் துறை

பொருள்: கருத்தடைக்காகப் பிடிக்கப்படும் நாய்களுக்கு வெறிநோய் ஊசியோடு டிஸ்டெம்பர் தடுப்பூசியும், மையத்துக்குள் நுழையும் நாளிலேயே போட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வார்டில் சில வாரங்களாக நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்து விழுகின்றன. வெறிநோய் பரவுகிறது என்று ஊரே பயந்து கிடக்கிறது. நாங்கள் பார்த்தவரை இது டிஸ்டெம்பர் என்ற வேறொரு தொற்றுநோய் என்றுதான் தோன்றுகிறது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு என்பதால்தான் இந்த மனு.

பேருந்து நிறுத்தத்துக்கு அருகே இருந்த செம்பழுப்புப் பெட்டை நாயை எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தடைக்குப் போய், காதில் அடையாள வெட்டோடு திரும்பி வந்தது. வந்த முதல் வாரம் நன்றாகவே இருந்தது. அப்புறம் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்து, ஓரிரு நாளில் அது மஞ்சள் பீளையாகக் கெட்டியானது. மூக்கிலும் அதே சளி. சாப்பாட்டைத் தொடவில்லை. இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் வந்தன. டீக்கடைக்காரர் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுவந்ததில் சளி குறைந்தது, தின்னவும் தொடங்கியது. பிழைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். மூன்று வாரம் கழித்து அதன் பின்னங்கால் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. தூங்கும்போதும் அந்த இழுப்பு நிற்கவில்லை. வாயில் எதுவும் இல்லாமலே தாடை மெல்லும், நுரை தள்ளும், பிறகு வலிப்பு வரும். அதைப் பார்த்த சிலர் வெறிநாய் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள்.

டிஸ்டெம்பரின் போக்கே இதுதான். கிருமி முதலில் சுவாசப் பாதையையும் குடலையும் தாக்கும், பிறகு நரம்பு மண்டலத்துக்குப் போகும். நடுவில் நோய் ஆறியதுபோல் ஒரு இடைவெளி வருவதால் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். சில நாய்களுக்கு மூக்கு நுனியும் உள்ளங்கால் மெத்தையும் தடித்துக் காய்த்துப்போகும். அதைப் பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். ஆனால் எல்லா நாய்களிலும் அது தெரியாது. வெறிநோய் பிடித்த நாய் அறிகுறி தெரிந்து சுமார் பத்து நாளுக்குள் செத்துவிடும். டிஸ்டெம்பர் வாரக்கணக்கில் இழுக்கும். இருந்தாலும் எச்சில் ஒழுக்கி வலிப்பில் கிடக்கும் நாயைக் கண்ணால் பார்த்து இது இன்ன நோய் என்று உறுதி சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. செத்த நாயின் மூளையை ஆய்வகத்தில் சோதித்தால்தான் வெறிநோயா இல்லையா என்று தெரியும். அதனால் டிஸ்டெம்பர் மனிதருக்கு நோய் தராது என்றாலும், அப்படிப்பட்ட நாய் கடித்தவர்கள் வெறிநோய் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்றே எங்கள் தெருவில் சொல்லி வருகிறோம்.

இனி இது எங்கிருந்து பரவுகிறது என்பதற்கு வருகிறேன். இந்தக் கிருமி தட்டம்மைக் கிருமியின் நெருங்கிய உறவு. அதைப் போலவே இருமல், தும்மலில் தெறிக்கும் துளிகள் வழியே காற்றில் பரவும். கண் பீளை, எச்சில், சிறுநீர், மலம் எல்லாவற்றிலும் இருக்கும். தொற்று ஏறியதிலிருந்து வெளிப்படையான அறிகுறி தெரிய பொதுவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆனால் அதற்கு முன்பே, சுமார் ஐந்தாம் நாளிலிருந்தே, அந்த நாய் கிருமியை வெளியே விட ஆரம்பித்துவிடும். பிழைத்த சில நாய்கள் இரண்டு மூன்று மாதம் வரைகூடப் பரப்பும்.

வெயிலில் இந்தக் கிருமி வெகுநேரம் தாங்காது. சோப்புத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் கரைசல் போன்ற சாதாரணப் பொருட்களே அதைக் கொன்றுவிடும். ஆகவே திறந்த தெருவைவிட, பல தெரு நாய்களை ஒரே கூரைக்கடியில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் நாள்கணக்கில் வைக்கும் இடம்தான் இதற்கு ஏற்ற இடம். நல்லபடி இருப்பதுபோல் தெரியும் ஒரு நாய் உள்ளே வந்தால் போதும். எங்கள் வார்டில் முதலில் நோய் கண்டவை பெரும்பாலும் காது வெட்டுள்ள நாய்கள். மையத்தில்தான் தொற்றியது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாதுதான், ஆனால் நாள் கணக்கு பொருந்துகிறது. மைய ஊழியர்கள் மீது குறை சொல்வது எங்கள் நோக்கம் அல்ல. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை கருத்தடையும் வெறிநோய் ஊசியும் மட்டும்தான். வெறிநோய் ஊசி டிஸ்டெம்பரைத் துளியும் தடுக்காது.

வந்த பிறகு வைத்தியம் பார்க்கலாமே என்று கேட்கலாம். இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. ஆன்டிபயாட்டிக், குளுக்கோஸ், வலிப்பு மாத்திரை எல்லாம் நாயைத் தாங்கிப் பிடிக்கத்தான் உதவும். ஏறக்குறைய பாதி நாய்கள் சாகும், குட்டிகளில் இன்னும் அதிகம். பிழைத்தவற்றிலும் பலவற்றுக்கு அந்த இழுப்பு ஆயுளுக்கும் நிற்கும். 2018-இல் கிர் காட்டில் இதே கிருமி சிங்கங்களில் கண்டறியப்பட்டபோது, குஜராத் வனத்துறையும் வெளிநாட்டிலிருந்து தடுப்பூசியைத்தான் வரவழைத்தது.

தடுப்பூசி ஒன்றும் அரிதான பொருள் அல்ல. வீட்டு நாய்களுக்குப் போடும் டிஎச்பிபி கூட்டு ஊசியிலேயே டிஸ்டெம்பருக்கும், நாய்க் குடலைத் தாக்கும் பார்வோ நோய்க்கும் எதிரான மருந்து அடங்கும். அதில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. குட்டிக்கும் பெரிய நாய்க்கும் ஒரே அளவுதான். வளர்ந்த நாய்க்கு ஒரே ஊசியில் சில நாட்களுக்குள் பாதுகாப்பு கிடைக்கத் தொடங்கும். அதனால்தான் எந்த நாளில் போடுகிறோம் என்பது முக்கியம். விடுவிக்கும் நாளில் போட்டால், நோய் ஏறக்கூடிய நாட்களெல்லாம் காப்பில்லாமல் கடந்துபோயிருக்கும். வண்டியிலிருந்து இறக்கியதும், கூண்டில் அடைப்பதற்கு முன் போட வேண்டும். ஏற்கெனவே தொற்று ஏறிய நாயை இந்த ஊசி காப்பாற்றாது. ஆனால் இன்னும் தொற்று ஏறாத பக்கத்துக் கூண்டு நாய்க்கும் போட்டிருந்தால் அதைக் காப்பாற்றும்.

குட்டிகள் விஷயம் வேறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை அது தடுப்பூசியின் வேலையையும் கெடுத்துவிடும். அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஓராண்டு கழித்து ஒரு ஊக்க ஊசி. தெருக்குட்டிகளை இப்படிப் பலமுறை கொண்டுவரும் பொறுப்பை வார்டு மக்களாகிய நாங்களே ஏற்கிறோம். கால்நடை மருந்தகத்தில் வாரம் ஒரு நாள் மட்டும் ஒதுக்கித் தந்தால் போதும்.

ஆகவே, மையத்தின் அடுத்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாய்க்கும் உள்ள செலவுக் கணக்கில் இந்த ஒரு ஊசியையும் சேர்க்குமாறு வேண்டுகிறோம். நாயைப் பிடிக்கும் செலவும் வண்டிச் செலவும் ஏற்கெனவே கணக்கில் இருக்கின்றன, கூடுவது ஊசியின் விலை மட்டுமே. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தினமும் குறித்துவைக்கவும், கரைத்த மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிடவும் உத்தரவிட வேண்டும். சூடுபட்ட மருந்தைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். கண் பீளையோ இருமலோ உள்ள நாய்களுக்குத் தனி அறை, தனித் தட்டு, தனி ஆள் வேண்டும். அந்த ஆள் நோயில்லாத நாய்களின் கூண்டுப் பக்கம் போகக் கூடாது.

இப்போது வார்டில் வலிப்போடு திரியும் நாய்களை அடித்துக் கொல்லாமல் பிடித்துத் தனியே வைக்கவும், செத்தால் மூளை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவை எங்களுக்குத் தெரிவிக்கவும் கால்நடை உதவி மருத்துவருக்கு அறிவுறுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நோய் கண்ட நாய்களின் இடம், காது வெட்டு உண்டா, அறிகுறி தொடங்கிய நாள் ஆகிய விவரங்களையும் எடுத்த படங்களையும் இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வார்டு பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)