காலை வணக்கக் கூட்டத்தில் சொல்லாமல் விட்ட பாதிச் சட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் படிக்கும் பள்ளியில் சென்ற வாரம் காலை வணக்கக் கூட்டத்தில், இணையத்தில் பிறரைச் சீண்டுவதும் அந்தரங்கப் படங்களைப் பகிர்வதும் எந்தெந்தச் சட்டப் பிரிவுகளில் வழக்காகும் என்று சிறப்பு விருந்தினர் ஒருவர் அரை மணி நேரம் பேசினார். இளைஞர் நீதிக் குழுமத்தில் சிறார் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் அந்தப் பேச்சை நான் கவனமாகக் கேட்டேன். அவருடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிள்ளைகள் அச்சத்தை மட்டுமே வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

படத்தை அனுப்பினால் ஏழு ஆண்டுச் சிறை என்றார் அவர். பதினெட்டு வயது நிறையாதவரின் ஆபாசப் படத்தை உருவாக்குவது, பதிவிறக்குவது, பரப்புவது ஆகியவற்றைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு முதல் முறைக்கு ஐந்து ஆண்டு வரையிலும், மறுமுறை செய்தால்தான் ஏழு ஆண்டு வரையிலும் சிறை விதிக்கிறது. அதுவும் வயது வந்தோருக்கு. பள்ளி மாணவர் மீதான புகார் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழுமத்தின் முன் வரும். அவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்க முடியாது. ஆலோசனை, சமூகப் பணி, பெற்றோரே கட்டும்படி அபராதம், மிஞ்சிப்போனால் மூன்று ஆண்டு வரை சிறப்பு இல்லம் என்பவையே குழுமம் பிறப்பிக்கக்கூடிய உத்தரவுகள். இவை சிறிய விஷயங்கள் அல்ல. உள்ளபடியே சொன்னாலே பதினாறு வயதுப் பையன் யோசிப்பான். மேலும், இணைய வசவுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு பாயும் என்றும் அவர் சொன்னார். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டிலேயே ரத்து செய்துவிட்டது.

கூட்டம் முடியும் நேரத்தில், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட படம் தானாகவே தன் போனில் இறங்கியிருந்தால் தானும் குற்றவாளியா என்று ஒரு மாணவன் கேட்டான். "பிடிபட்டால் நீயும் உள்ளேதான்" என்ற பதிலோடு அது முடிந்துபோனது. அன்றைய கேள்விகளிலேயே விரிவான பதில் தேவைப்பட்டது அதற்குத்தான். போக்சோ சட்டத்தின் 15ஆவது பிரிவு, சிறாரின் ஆபாசப் படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் பகிரும் எண்ணத்தோடு வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. அழிக்காமலும் தெரிவிக்காமலும் விட்டதிலிருந்தே அந்த எண்ணத்தை ஊகிக்க இடமுண்டு என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை மாற்றி, உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கூறியது. ஆகவே அந்த மாணவனிடம் சொல்ல வேண்டியது எளிது: யாருக்கும் அனுப்பாதே, சாட்சிக்கு என்று ஸ்கிரீன்ஷாட் எடுக்காதே, நம்பகமான பெரியவரிடம் உடனே சொல், உரையாடலில் மட்டுமன்றி கேலரியிலும் அதன் குப்பைத் தொட்டியிலும் இருப்பதை நீக்கு. போட்டவரின் எண்ணையும் குழுவின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் போதும்.

அந்தக் கூட்டத்திலேயே, நம்பி ஒருவனுக்குத் தன் படத்தை அனுப்பிவிட்டுத் தவிக்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அவள் என்ன நினைத்திருப்பாள்? முதல் குற்றவாளியே தான்தான் என்றல்லவா? தானே எடுத்த படத்துக்கு 67பி பிரிவில் வெளிப்படையான விலக்கு இல்லை என்பது உண்மை. அதை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். ஆனால் அந்தப் படம் பரப்பப்படும்போது அவள் பாதிக்கப்பட்ட குழந்தை. அவள் சம்மதித்தாள் என்ற வாதம் அங்கே செல்லாது. அவளுடைய வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ சீருடை அணியாத அதிகாரிதான், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரிதான், பதிவு செய்ய வேண்டும். அவள் பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. இவற்றில் ஒன்றுகூட மேடையில் சொல்லப்படவில்லை. படத்தைப் பதிவேற்றாமலே அதன் எண் அடையாளத்தை மட்டும் உருவாக்கி, பங்கேற்கும் தளங்களில் அதைக் கண்டறிந்து நீக்க உதவும் takeitdown.ncmec.org என்ற இலவசச் சேவை சிறாருக்கு இருப்பதும் சொல்லப்படவில்லை. வாட்ஸ்அப் போன்ற மறையாக்க உரையாடல்களுக்குள் அது எட்டாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் அங்கே ஒரு சொல் தேவைப்பட்டது. இரு வீட்டாரையும் அழைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, பள்ளிக்குள்ளேயே முடித்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. போக்சோ 19ஆவது பிரிவுப்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அந்தத் தண்டனை குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று அதே சட்டம் கூறுகிறது. தோழிக்கு நடந்ததைச் சொல்லத் தாமதித்த ஒரு மாணவி இதை அறிந்திருந்தால், மறுநாளாவது வாய் திறப்பாள். அடுத்த முறை பேச வருபவர் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தம் பேச்சைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
திண்டுக்கல்.