லீவில் இருப்பவருக்கு போன் போடும் முன்: மண்ணடி கிளியரிங் அலுவலக மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் உள்ள சுங்க கிளியரிங் அலுவலகங்களில் டாக்குமென்டேஷன் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். நீங்களே சரி என்று சொல்லி அனுப்பிவைத்த ஆளை, லீவு முடியும்வரை காலுக்கு வரச் சொல்லாதீர்கள், குரூப்பைப் பார்க்கச் சொல்லாதீர்கள். "அப்போ வேலை எப்படி நடக்கும்?" என்று நீங்கள் கேட்பது நியாயம். மடலின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

நீங்கள் எதற்காக போன் போடுகிறீர்கள் என்பது எங்களுக்கும் தெரியும். இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் போட வேண்டிய பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பிறகு நாளுக்கு 10,000 ரூபாய். ஃப்ரீ டேஸ் முடிந்தால் கன்டெய்னர் வாடகை வேறு. சரக்குக்குச் சொந்தக்காரரான பார்ட்டி உங்களைத்தான் பிடித்துக் கேட்பார். அந்தப் பதற்றத்தில் ஃபைலைத் தேடுவதைவிட ஃபைலைப் பார்த்த ஆளைக் கூப்பிடுவது சுலபமாகத் தெரிகிறது. ஆனால் அப்படிக் கூப்பிட்டு வாங்கும் பதில்தான் பல நேரம் வேலையைக் கெடுக்கிறது. அது எப்படி என்று ஒரு உதாரணத்தில் பார்ப்போம்.

திருவொற்றியூரில் இருந்து வரும் ஓர் ஊழியர் அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்காகத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் லீவு எடுத்திருக்கிறார். புதன்கிழமை காலை 11 மணிக்கு ஒரு பம்பு உதிரிபாக சரக்கின் மேல் சுங்க அதிகாரியிடமிருந்து கொயரி வருகிறது: கேட்டலாக் வேண்டும், எதில் பொருத்தப்படும் என்று சொல்ல வேண்டும். உடனே உங்கள் மெசேஜ் போகிறது: "அஞ்சு நிமிஷம் கால்ல வாங்க, அந்தப் பம்பு ஃபைல் என்னாச்சு?"

அந்த நேரத்தில் அவர் வீட்டில் என்ன நடக்கிறது? ஆபரேஷன் முடிந்த கண்ணுக்கு இரண்டு வகைச் சொட்டு மருந்து. ஒன்றை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்ததை விட வேண்டும், இல்லையென்றால் முதல் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு கையில் பாட்டில், மடியில் போன். இந்த நிலையில் நினைவிலிருந்து ஒரு பதில் சொல்கிறார். அதே பார்ட்டியின் போன மாதச் சரக்கும் பம்பு உதிரிபாகம்தான் என்பதால் அந்த கேட்டலாக்கைச் சொல்லிவிடுகிறார். அலுவலகத்தில் அதையே ஏற்றிவிடுகிறார்கள். தவறு தெரியும்போது இரண்டாவது கொயரி வந்து நிற்கிறது. பில் ஆஃப் என்ட்ரியிலேயே திருத்த வேண்டிய தவறு என்றால் சுங்கச் சட்டம் 149-ஆம் பிரிவில் விண்ணப்பம் போட்டு அதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும். ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் போகிறது. கவனக்குறைவு என்று அவரைத் திட்டிப் பயனில்லை. பேப்பரைக் கண்ணால் பார்க்காமல் சொல்லும் பதில் இப்படித்தான் இருக்கும்.

இதே கொயரிக்கு அவர் இல்லாமலே பதில் போட்டிருக்க முடியும். 2020 ஜூனில் சுங்கத்தில் முகமற்ற மதிப்பீடு முதலில் தொடங்கிய இடங்களில் சென்னையும் ஒன்று. அதிகாரி வேறு ஊரில் உட்கார்ந்திருக்கலாம். கொயரியும் கணினி வழியாக வருகிறது, பதிலும் கணினி வழியாகப் போகிறது. ஆள் முகத்தைப் பார்த்துப் பேசி முடிக்கும் வேலை இல்லை. ஃபைல் கையில் இருக்கும் எவரும் எழுதலாம். அந்த ஃபைல் யார் கையில் இருக்கிறது என்பதை லீவுக்கு முன்பே முடிவு செய்துவிட்டால் போதும்.

அதற்கு நாங்கள் கேட்பது ஒரு பக்கக் காகிதம். லீவுக்கு மூன்று வேலை நாள் முன்பு, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி. ஜாப் நம்பர், இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்து என்ன வரலாம், கடைசி நாள் எது, யார் பார்ப்பார். "என்ன வரலாம்" என்பதுதான் இதில் முக்கியம், பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான். "பம்பு ஃபைல், அசெஸ்மென்ட்டில் இருக்கிறது" என்று எழுதினால் அது பாதித் தகவல். "கேட்டலாக் கேட்டு கொயரி வரலாம், இந்தச் சரக்கின் கேட்டலாக் 12 பக்கம், ஜாப் ஃபோல்டரில் இருக்கிறது, போன மாதத்தது வேறு மாடல், அதைப் போட வேண்டாம்" என்று எழுதினால்தான் புதன்கிழமை போன் வராது. எழுதிக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், பொறுப்பேற்பவர் ஒரு ஃபைலை எடுத்து, லீவு போகிறவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்து பார்க்க வேண்டும். அரை மணி நேரம் போதும். எந்தத் தளத்துக்கு பாஸ்வேர்ட் இல்லை, எந்த மெயில் இவருக்கு வருவதே இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

இந்த அரை மணி நேரத்தை ஒதுக்க வேண்டியவர் நீங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் ஆளிடம் "எல்லாத்தையும் ஹேண்ட்ஓவர் பண்ணிட்டீங்களா?" என்று கேட்பதில் பலன் இல்லை.

ஓடிபி விஷயம் இதைவிடக் கொடுமை. ஷிப்பிங் லைன் தளம், வங்கித் தளம் என்று பலவற்றில் ஊழியரின் சொந்த எண்ணைப் பதிவு செய்துவிடுகிறோம். பிறகு அவர் லீவில் போனால், ஆறு இலக்கம் படித்துச் சொல்வதற்காகவே நாள் முழுவதும் போனை விட்டு நகர முடியாது. மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டு ஓடிபி படித்துச் சொல்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அலுவலகத்துக்கென்று ஒரு சிம் வாங்கி, அது டெஸ்கிலேயே இருக்கட்டும்; எண்ணை மாற்றும் வேலையை லீவுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். ஆனால் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனை இதோடு சேர்க்காதீர்கள். அது அந்த ஆளின் கையெழுத்து. டோக்கனை மேஜையில் விட்டுப்போகச் சொல்வதும், போனில் பின் நம்பர் கேட்பதும் அவர் பெயரில் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். சுங்கப் பரீட்சை தேறி ஜி கார்டு வாங்கியவர் அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் இன்னொருவரைப் பரீட்சைக்கு அனுப்பித் தயார் செய்யுங்கள். அந்த ஒருவரின் லீவை வெட்டிக்கொண்டே எத்தனை வருஷம் ஓட்ட முடியும்?

இனி, எங்கள் ஊழியர் உங்களுக்கு எழுதும் பதிலைப் பற்றி. புதன்கிழமை மெசேஜுக்கு இப்படி ஒரு பதில் வந்தால் தயவுசெய்து அதைத் திமிராக எடுத்துக்கொள்ளாதீர்கள்:

"வணக்கம் சார். நான் வெள்ளி வரைக்கும் லீவுல இருக்கேன். பம்பு ஃபைல் எக்ஸ்போர்ட் டெஸ்க் மேடம்கிட்ட இருக்கு, கேட்டலாக் ஜாப் ஃபோல்டர்ல இருக்கு. திங்கள் காலையில வந்ததும் என்ன பாக்கின்னு பார்த்துடறேன் சார்."

இதில் காரணம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் சொல்வதில்லை, எங்கள் ஆட்களிடமும் சொல்ல வேண்டாம் என்கிறோம். "வெளியில இருக்கேன் சார்" என்றால் "எப்போ வீட்டுக்கு வருவீங்க?" என்று வரும். "நெட் இல்ல" என்றால் "போன்லயே சொல்லுங்க" என்று வரும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மாற்றுவழி கிடைத்துவிடும். கடைசியில் சாக்கு சொன்ன குற்றவாளியாக அவர் நிற்பார். லீவு என்பதே போதுமான காரணம். அதை ஏற்கெனவே நீங்கள் ஒப்புக்கொண்டாயிற்று. மறுபடியும் அழைப்பு வந்தால் அதே பதிலைச் சுருக்கி, ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்கிறோம்: "கண்டிப்பா நான்தான் வேணும்னா இன்னிக்கு அரை நாள் லீவைக் கேன்சல் பண்ணி மெயில் போட்டுடுங்க சார், மதியம் உட்கார்ந்து பார்க்கறேன்." இது மிரட்டல் அல்ல. லீவு நாளில் வாங்கிய வேலை வேலைதான், அதற்கான அரை நாள் அவர் கணக்கில் திரும்ப வர வேண்டும். அந்த மெயிலை எழுத உட்காரும்போதே பாதிப் பேருக்கு இது திங்கள்வரை காத்திருக்கும் விஷயம் என்று புரிந்துவிடும்.

வாட்ஸ்ஆப் பற்றி ஒரு சின்ன விஷயம், ஆனால் எங்களை ரொம்ப வாட்டுவது. லீவில் போகிறவர் குரூப்பை ம்யூட் செய்துவிட்டுப் போகிறார். ஆனால் @ போட்டு அவர் பெயரைக் குறிப்பிட்டாலோ, அவர் பழைய மெசேஜுக்கு ரிப்ளை கொடுத்தாலோ ம்யூட்டைத் தாண்டி மணி அடிக்கும். ஆர்கைவ் செய்தாலும் அப்படித்தான். தனி சாட்டில் ப்ளூ டிக்கை அணைத்துவைக்கலாம், குரூப்பில் அதற்கு வழியே இல்லை. எதற்காகவோ ஒரு தடவை திறந்தாலும் "பார்த்துட்டு பதில் சொல்லல" என்று ஆகிவிடும். எனவே லீவில் இருப்பவரை டேக் செய்ய வேண்டாம் என்று குரூப்பில் நீங்களே ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். பார்ட்டிகளுக்கு ஜிமெயிலில் `Vacation responder` வைத்து, பொறுப்பேற்றவரின் மெயிலை அதில் எழுதிவிடலாம். ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினால் நாலு நாளைக்கு ஒரு முறைதான் அந்தப் பதில் போகும். தினமும் மெயில் போடும் பெரிய பார்ட்டிகளுக்குக் கிளம்புவதற்கு முன்பே தனியாகச் சொல்லிவைப்பது நல்லது.

உண்மையான அவசரம் வராதா என்றால், வரும். அன்றைக்கே கெடு முடிகிறது, பணம் ஏறுகிறது, பதில் காகிதத்திலும் இல்லை, பொறுப்பேற்றவருக்கும் தெரியாது என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் கூப்பிடுங்கள். ஆனால் நீங்கள் ஒருவர் மட்டும், ஒரே தடவை, கேள்வியை முன்பே மெசேஜில் எழுதி அனுப்பிவிட்டு. "ஒரிஜினல் பி.எல். எந்த டிராயரில் இருக்கிறது?" என்றால் அரை நிமிடத்தில் பதில் வரும். "அந்த ஃபைல் என்னாச்சு?" என்றால் அரை மணி நேரம் போகும். பார்ட்டியை இழுத்துக் கான்ஃபரன்ஸில் போட வேண்டாம்.

சட்டம் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு தருகிறது. அந்த நாட்களில் போனை எடுக்காமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்ட் முதலும் சட்டமாகவே வைத்திருக்கின்றன. நம்மிடம் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. அதனால்தான் லேபர் ஆபீசுக்குப் போகாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

அடுத்த முறை லீவு லெட்டரில் கையெழுத்துப் போடும்போது அதன் கீழே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: இந்த நாட்களில் ஃபைல்களை இன்னார் பார்ப்பார், அவசரமென்றால் நான் மட்டும் கூப்பிடுவேன். அதன் ஒரு நகலைப் பொறுப்பேற்பவரின் மேஜையில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மண்ணடி, ராயபுரம், திருவொற்றியூர் பகுதி டாக்குமென்டேஷன் ஊழியர்கள்