வங்கிக்கு எழுதும் ஒரு பக்கத்தில் எது முதலில் வர வேண்டும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

தஞ்சாவூர்,
18.8.2024

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ வைத்திருந்த வரைவும் நேற்று மாலை வந்து சேர்ந்தன. தங்கை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதைப் படித்த பிறகுதான் எனக்கு மற்றதைப் படிக்க மனம் வந்தது. இங்கே நாங்கள் நலம். பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது; முழங்கால் வலி மட்டும் என்னை விடவில்லை.

டெபிட் கார்டில் போன 42,500 ரூபாயைக் கேட்டு வங்கிக் கிளைக்கு நீ எழுதியிருக்கும் ஒரு பக்கத்தை நான்கு முறை படித்தேன். அதில் பொய்யான வரி ஒன்றும் இல்லை, தேவையான செய்தியில் விடுபட்டதும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆனால் செய்திகள் நின்றிருக்கும் வரிசை உனக்கு எதிராக வேலை செய்கிறது. வங்கியின் புகார்ப் பிரிவில் நான் இருந்த ஆண்டுகளில் இப்படிப்பட்ட கடிதங்களை நாள்தோறும் பிரித்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். ஒரு கடிதத்துக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த நேரத்துக்குள், இது எந்த விதியின் கீழ் வரும் புகார் என்பதை நான் முடிவு செய்தாக வேண்டும். பின்னால் வரும் பத்திகளை அந்த முடிவோடுதான் படிப்பேன்.

நீ நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறாய். முதல் பத்தியில் 22 ஆண்டுகளாக அந்தக் கிளையின் வாடிக்கையாளர் என்பது, இரண்டாவதில் தங்கையின் மருத்துவமனைச் செலவு, மூன்றாவதில் வெள்ளிக்கிழமை இரவு வந்த இரண்டு குறுஞ்செய்திகள், நான்காவதில் நீ கார்டை யாரிடமும் கொடுக்கவில்லை என்ற உறுதி. ஐந்தாவது பத்தியின் நடுவில், "நான்கு நாள் கழித்து வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குத் தெரிவித்தேன்" என்ற வாக்கியம் வருகிறது. உன் வழக்கைத் தீர்மானிக்கக் கூடிய செய்தி அதுதான். அதை ஐந்தாவது பத்திக்குள் புதைத்ததோடு, உனக்குக் கேடு செய்யும் சொற்களிலும் எழுதியிருக்கிறாய்.

காரணத்தைச் சொல்கிறேன். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் இழப்பை ஏற்பது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்திருந்தால், வங்கியின் அறிவிப்பு வந்த பிறகு மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், உன்னுடையதைப் போன்ற சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 10,000 ரூபாய் வரை வாடிக்கையாளர் ஏற்க நேரிடும். ஏழு நாளைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். "நான்கு நாள்" என்று நீயே எழுதிக் கொடுத்தால், படிப்பவர் உன்னை இரண்டாவது வகையில் வைப்பது இயல்பு. உனக்கு 18,000 ரூபாய்க்கும் 24,500 ரூபாய்க்கும் இரண்டு பரிவர்த்தனைகள் நடந்திருப்பதால், அந்த ஒரு சொற்றொடரின் விலை 20,000 ரூபாய்.

உண்மையில் நீ நான்காவது நாளில் தெரிவிக்கவில்லை. நாட்காட்டியை எடுத்துப் பார். குறுஞ்செய்திகள் வந்தது ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை இரவு. அறிவிப்பு வந்த நாள் கணக்கில் சேராது. 10ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை என்பதால் உன் கிளைக்கு விடுமுறை, 11 ஞாயிறு. ஆகவே திங்கள் 12தான் முதல் வேலை நாள். நீ தொலைபேசியில் சொன்ன செவ்வாய் 13 இரண்டாவது வேலை நாள். இதை அப்படியே எண்ணிக் காட்டும் இரண்டு வாக்கியங்கள்தான் உன் கையில் இருக்கும் மிக வலுவான சான்று. அவை முதல் பத்தியின் முதல் வாக்கியங்களாக இருக்க வேண்டும்.

பணம் போன நேரத்தில் நீ மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாய் என்பதே மிகப் பெரிய சான்று என்று உனக்குத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. உனக்கு அது மறக்க முடியாத இரவு. ஆனால் வலுவான சான்று என்பது எழுதுபவர் மனத்தில் கனமாக இருப்பதைக் கொண்டு அமைவதில்லை. படிப்பவர் அதைத் தம் மேசையிலேயே சரிபார்க்க முடிகிறதா, சரிபார்த்த பின் விதி அவரை ஒரு முடிவுக்குக் கொண்டுசெல்கிறதா என்ற இரண்டையும் கொண்டே அதை எடைபோட வேண்டும். நீ எங்கே இருந்தாய் என்பதை அந்த அதிகாரி விசாரித்துத்தான் அறிய முடியும். அறிந்தாலும், நீ வேறெங்கோ இருந்தபோது உன் கார்டு எண்ணை வேறொருவர் பயன்படுத்தினார் என்பதற்கு மேல் அது எதையும் தீர்மானிக்காது. குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்த நேரமும் நீ புகார் சொன்ன நேரமும் வங்கியின் கணினியிலேயே பதிவாகி இருக்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. புகார் எண்ணைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் அவர் கண்முன் வந்துவிடும்.

ஆனால் ஒரு எல்லையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நேரம் மட்டும் தனியாக நின்றால் போதாது. வாடிக்கையாளரே தன் கார்டு விவரங்களையோ கடவுச்சொல்லையோ பிறரிடம் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆன முழு இழப்பும் அவருடையது. மூன்று நாள் கணக்கு அங்கே உதவாது. ஆகவே முதல் பத்தியைப் படித்ததும் அதிகாரியின் மனத்தில் எழும் கேள்வி, "இவரே ஓடிபியைச் சொல்லிவிட்டாரோ?" என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்வி எழும் இடத்திலேயே விடை இருக்க வேண்டும் என்பதால் இரண்டாவது பத்தியை அதற்கு ஒதுக்கு. உன் கணக்கு அறிக்கையில் இரண்டு பரிவர்த்தனைகளும் வெளிநாட்டு இணைய வணிகரிடம் நடந்ததாகப் பதிவாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்க முடியும். உனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை, பணம் போன செய்தி மட்டுமே வந்தது. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் கடமை வங்கியைச் சேர்ந்தது என்பதையும் அந்தப் பத்தியின் முடிவில் ஒரே வாக்கியமாகச் சொல்லிவிடு, வாதாடாதே.

அடுத்தது நீ எழுதத் தயங்கிய செய்தி. சென்ற ஆண்டு சிங்கப்பூரில் மகளைப் பார்க்கப் போனபோது கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டுப் பிறகு மூட மறந்துவிட்டாய். அதை எழுதவே வேண்டாமா, எழுதினால் கடைசி வரியில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். எழுத வேண்டும், கடைசியில் வைக்கக் கூடாது. வங்கியின் பதிவில் அது இருக்கிறது. நீ சொல்லாமல் விட்டு அவர்கள் கண்டுபிடித்தால், முதல் பத்தியின் மேல் இருந்த நம்பிக்கையும் குறைந்துவிடும். கடைசி வரியாக வைத்தாலோ, படித்து முடித்தவர் மனத்தில் அதுவே தங்கும். மூன்றாவது பத்தியில், இரண்டு வலுவான பத்திகளின் நிழலில், எந்த மாதம் எதற்காகத் திறந்தாய் என்று சொல்லிவிடு. வங்கி தந்த வசதியைப் பயன்படுத்துவது கார்டு விவரங்களைப் பிறருக்குக் கொடுப்பது ஆகாது என்று அதனுடன் சேர்த்து எழுதலாம்.

1930 என்ற எண்ணில் நீ கொடுத்த இணையக் குற்றப் புகார் நான்காவது பத்திக்குப் போதும். அது உன் நேர்மையைக் காட்டும், ஆனால் வங்கியின் பொறுப்பைத் தீர்மானிக்காது. 22 ஆண்டு உறவையும் மருத்துவமனைச் செலவையும் எடுத்துவிடு. தங்கையின் வலி அந்த அதிகாரியின் முடிவுக்குக் காரணமாக அமைய முடியாதபோது, அதை அவர் மேசையில் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கோரிக்கை எங்கே வர வேண்டும் என்பதில் நம் தலைமுறைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது: எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, முடிவில் "ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து" என்று கேட்போம். நீயும் அப்படித்தான் கேட்டிருக்கிறாய். சான்றும் கோரிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் ஒன்று மற்றதைத் தாங்கும். உன் முதல் பத்தியை நான் எழுதிப் பார்த்தேன்:

"9.8.2024 இரவு 9.47 மணிக்கும் 9.52 மணிக்கும் என் கணக்கிலிருந்து 18,000 ரூபாயும் 24,500 ரூபாயும் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்திகள் வந்தன. இவை நான் செய்தவை அல்ல என்று 13.8.2024 காலை 9.40 மணிக்குத் தங்கள் சேவை எண்ணில் தெரிவித்துப் புகார் எண்ணும் பெற்றேன். 10ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை, 11 ஞாயிறு ஆதலால், இது இரண்டாவது வேலை நாள். ரிசர்வ் வங்கியின் 6.7.2017 சுற்றறிக்கையின்படி, நான் தெரிவித்த நாளிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் 42,500 ரூபாயை என் கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

புகார் எண், கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள், கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றைப் பொருள் வரியில் போட்டுவிடு. அறிமுகத்துக்கென்று ஒரு பத்தியைச் செலவிட வேண்டியிருக்காது.

பத்திகளை இடம் மாற்றும்போது ஒரு விபத்து நேரும், அதைக் கவனி. உன் வரைவின் ஐந்தாவது பத்தியில் "மேற்கூறிய தொகை", "அந்த இரவு" என்று எழுதியிருக்கிறாய். அது முதலாவதாக ஏறும்போது மேலே கூறியது எதுவும் இருக்காது. ஆகவே இடம் மாறிய ஒவ்வொரு பத்தியையும் தனித் தாளில் எழுதி, வேறு எதையும் படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் பார். எந்தத் தொகை, எந்த இரவு என்று அவர் கேட்டால் அந்த இடத்தில் தொகையையும் தேதியையும் மறுபடி எழுது. பிறகு முழுக் கடிதத்தின் கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு தங்கையைப் படிக்கச் சொல். என்ன நடந்தது, என்ன கேட்கிறாய், ஏன் கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் அவளால் சொல்ல முடிந்தால் வரிசை சரியாக இருக்கிறது.

உன் மைத்துனருக்கும் இதேபோல் நடந்தது என்றும், அவர் பத்து வேலை நாள் கழித்தே தெரிவித்தார் என்றும் எழுதியிருந்தாய். அவர் உன் கடிதத்தைப் பார்த்து எழுதக் கூடாது. அவருக்கு நேரம் பலவீனமான சான்று. ஆனால் பணம் போன செய்தியே அவருக்கு வரவில்லை என்பது உண்மையானால், மூன்று நாள் கணக்கு எந்த அறிவிப்பிலிருந்து தொடங்க வேண்டுமோ அந்த அறிவிப்பே இல்லை. தவறு வங்கியின் பக்கம் என்று காட்ட முடிந்தால், தெரிவித்த நாள் எதுவாயினும் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. அவர் அதிலிருந்து தொடங்கட்டும், தாமதத்தை அதற்குப் பின் சொல்லட்டும்.

இணைப்புகளையும் பத்திகளின் வரிசையிலேயே அடுக்கு: குறுஞ்செய்திகளின் படம் முதலில், கணக்கு அறிக்கை அடுத்து, 1930 புகாரின் ஒப்புகை கடைசியில். கிளைக்கு நேரில் போய் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள். நாளை திங்கட்கிழமை, வேலை நாள்தான். காலையிலேயே போய்விடு. முத்திரை வாங்கியதும் எனக்கு ஒரு வரி எழுது, தங்கைக்குத் தையல் பிரித்தாயிற்றா என்பதையும் சேர்த்து.

என்றும் உன்,
நண்பன்