டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதியோரை வீட்டுக்கு அனுப்பும் வார்டு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் அனுப்பி வைக்கும் நோயாளிகளை அடுத்த நாள் முதல் அவர்கள் வீட்டில் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம். நீங்கள் எழுதித் தரும் சீட்டில் மருத்துவத் தவறு அநேகமாக இருப்பதில்லை. ஆனால் அது நோயாளிக்காக மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அதை நிறைவேற்றப்போவது இன்னொருவர். பெரும்பாலும் மகள் அல்லது மருமகள், சில வீடுகளில் மகன். அவருக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளையும், இடுப்பில் தூக்க வேண்டிய பிள்ளையும், ஒரு வேலையும் இருக்கலாம். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ‘சாண்ட்விச் தலைமுறை’ என்று 1981-இல் டோரத்தி மில்லர் என்ற சமூகப் பணியாளர் பெயர் வைத்தார். பெயர் வந்து இத்தனை ஆண்டுகளாகியும், அதற்கென்று ஒரு வரி டிஸ்சார்ஜ் படிவத்தில் இன்னும் பல இடங்களில் இல்லை.

ஒரு சீட்டையே எடுத்துக்கொண்டு பேசுவோம். வழக்கமாக நாங்கள் பார்க்கும் வகைதான். இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த 76 வயது அம்மா. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மூன்றும் உண்டு. சீட்டில் இருப்பவை: வெறும் வயிற்றில் தைராக்சின், காலை உணவுடன் கிளைமெபிரைட், இரண்டு வேளை உணவுடன் மெட்ஃபார்மின், தினம் ஒன்று அம்லோடிபின், இரண்டு வேளை கால்சியம், இரவில் அடோர்வாஸ்டாட்டின், ‘6 மணி நேரத்துக்கு ஒருமுறை’ பாரசிட்டமால், ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு எனாக்ஸாபாரின் ஊசி. பார்த்துக்கொள்ளும் மகளுக்கு 9 வயதிலும் 3 வயதிலும் பிள்ளைகள். பள்ளி வண்டி காலை 8 மணிக்கு. அவர் வேலைக்குக் கிளம்புவது 9 மணிக்கு.

சீட்டை அப்படியே பின்பற்றினால் அவருடைய நாள் இப்படிப் போகும். காலை 6-க்கு தைராக்சினும் முதல் பாரசிட்டமாலும். 7.30-க்கு உணவும் அதோடு மூன்று மாத்திரைகளும். கால்சியமும் தைராக்சினும் 4 மணி நேரமாவது தள்ளியிருக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் 11-க்கு கால்சியம். 12-க்கு பாரசிட்டமால். மாலை 6-க்கு மறுபடியும் அதுவே. இரவு 8-க்கு உணவோடு மெட்ஃபார்மினும் கால்சியமும், 9-க்கு ஊசி, 10-க்கு அடோர்வாஸ்டாட்டின், நள்ளிரவில் கடைசிப் பாரசிட்டமால். ஒரு நாளில் ஒன்பது முறை. இதில் 11 மணியும் 12 மணியும் அவர் வீட்டிலேயே இல்லாத நேரம். 7.30 என்பது ஒரு பிள்ளைக்குச் சீருடை மாட்டி, இன்னொன்றை எழுப்பிக்கொண்டிருக்கும் நேரம். மூன்றாம் நாள் வேளைகள் தவறத் தொடங்கும். நீங்கள் அதைக் கவனக்குறைவு என்று குறிப்பீர்கள்.

அதே மருந்துகளை நான்கு வேளையில் அடக்கலாம். பாரசிட்டமாலுக்குக் கடிகாரம் பார்த்து 6 மணி நேரம் வேண்டியதில்லை. இரண்டு வேளைக்கு நடுவே 4 மணி நேரமாவது இருந்து, ஒரு நாளின் மொத்த அளவு மீறாமல் இருந்தால் போதும். அடோர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் கொடுக்கலாம், இரவுதான் என்ற கட்டாயம் இல்லை. தைராக்சினை இரவு உணவுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது கொடுப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரத்தில் தைராய்டு அளவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஆக, பள்ளி வண்டி போனபின் 8.20-க்கு காலை உணவு: கிளைமெபிரைட், மெட்ஃபார்மின், அம்லோடிபின், கால்சியம், பாரசிட்டமால். மதியம் 1 மணிக்கு இன்னொரு கால்சியமும் பாரசிட்டமாலும். மாலை 7 மணி உணவோடு மெட்ஃபார்மின், அடோர்வாஸ்டாட்டின், பாரசிட்டமால், ஊசி. இரவு 11-க்கு தைராக்சினும் பாரசிட்டமாலும். மதிய வேளையில் இரண்டே மாத்திரைகள், ஆபத்து குறைவானவை. மகள் இல்லாதபோது வீட்டில் இருக்கும் யாரும் அவற்றை எடுத்துக் கொடுத்துவிட முடியும்.

இந்த மாற்றத்தைக் குடும்பத்தார் தாங்களாகச் செய்யக் கூடாது. செய்ய வேண்டியவர்கள் நீங்கள். அதுவும் டிஸ்சார்ஜுக்கு முன்பே. ஊசியை வார்டில் காலை 10 மணிக்குப் போட்டுப் பழக்கிவிட்டு, வீட்டில் மாலை 7-க்குப் போடச் சொன்னால் முதல் நாளே இடைவெளி குழம்பிவிடும். வீட்டில் எந்த நேரம் முடியும் என்று முதலிலேயே கேட்டு, வார்டிலும் அதே நேரத்தில் போடுங்கள். ஊசி எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் எழுதுங்கள். இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் 35 நாள் வரைகூடப் போகும். தேதி இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல் தவிப்பவர்கள் நிறைய.

இந்தச் சீட்டில் எங்களுக்கு உறுத்தும் மருந்து கிளைமெபிரைட். வேலை அவசரத்தில் மாத்திரையைக் கையில் கொடுத்து, தட்டை முன்னால் வைத்துவிட்டு மகள் கிளம்பிவிடுவார். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று வைத்துவிடுவார். அறுவைக்குப் பின் பசி மந்தமாகத்தான் இருக்கும். மதியத்துக்குள் சர்க்கரை இறங்கி, வியர்த்து, பேச்சு குழறும். ‘ஆஸ்பத்திரியிலிருந்தே இப்படித்தான் குழப்பமாக இருக்கிறார்’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். ஆகவே முதலில் சாப்பாடு, பாதிக்கு மேல் சாப்பிட்டபின் மாத்திரை என்று நாங்கள் வரிசையை மாற்றிச் சொல்கிறோம். சாப்பிடவில்லை என்றால் அன்று என்ன செய்வது என்பதை நீங்கள்தான் ஒரு வரியில் எழுதித் தர வேண்டும். அதைவிட நல்லது, தனியாக இருக்கும் முதியவருக்கு இந்த மாத்திரை வேண்டுமா என்று அனுப்பும் முன் ஒருமுறை யோசிப்பது. வயதானவர்களுக்கு இந்த வகை மருந்தைத் தவிர்க்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்த விஷயம்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே வீட்டில் 3 வயதுப் பிள்ளை உண்டு. கிளைமெபிரைட், அம்லோடிபின் இரண்டிலும் ஒரே ஒரு மாத்திரை அந்த உடலுக்குப் பேராபத்தாகலாம். கிளைமெபிரைட் விழுங்கிய குழந்தை பல மணி நேரம் நன்றாகவே விளையாடிக்கொண்டிருக்கும். சர்க்கரை பிறகுதான் இறங்கும், அதுவும் தூக்கத்தில். அதனால்தான் இப்படி விழுங்கிய குழந்தையை ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கச் சொல்கிறார்கள். ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று வீட்டில் காத்திருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. இதைச் சீட்டின் மேலேயே எழுதுங்கள்: மாத்திரை குறைந்தாலோ, குழந்தை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலோ உடனே கிளம்ப வேண்டும், மாத்திரைப் பட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.

நாங்களே பரிந்துரைக்கும் வாராந்திர மாத்திரைப் பெட்டி இங்கே எதிரியாகிவிடுகிறது. ஏழு நாள், நான்கு அறை, கட்டைவிரலால் தட்டினால் திறக்கும். முதியவரின் விரலுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று செய்த மூடி, 3 வயது விரலுக்கும் எளிதுதான். ஒரே அறையில் ஐந்து மாத்திரை சேர்ந்து கிடப்பதால் குழந்தை ஒரே வாயில் ஐந்தையும் போட்டுக்கொள்ளும். பெட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பூட்டுள்ள அலமாரியில் இருக்க வேண்டும், அம்மாவின் தலையணைப் பக்கத்தில் அல்ல. கொடுப்பவர் மாத்திரை விழுங்கி முடியும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். மடியில் விழுந்து, மெத்தை இடுக்கில் போன மாத்திரையைத்தான் குழந்தைகள் கண்டெடுக்கின்றன. ஊசிகளுக்கும் இதே கதி. பயன்படுத்திய ஊசியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், குத்தினாலும் துளையாத மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போடச் சொல்லுங்கள். முடிந்தால் ஊசியோடு அந்த டப்பாவையும் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்தது முதுகு. அம்மாவை எழுப்பி உட்கார வைப்பதை யாரும் கற்றுத் தராமல் அனுப்பினால் மகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கலாம் என்று வகுத்த எடை சுமார் 16 கிலோதான். அதுவும் உடலுக்கு அருகே, முறுக்காமல் தூக்கினால். இதே மகள் நாள் முழுக்க 14 கிலோ பிள்ளையையும் தூக்குகிறார். தூக்காமல் எழுப்பும் வழி உண்டு: நாற்காலியின் உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், அம்மா முன்விளிம்புக்கு நகர வேண்டும், நல்ல காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், கைப்பிடியை அழுத்தி முன்னால் சாய்ந்து தானாக எழ வேண்டும். மகளின் கை இடுப்புப் பட்டையில் இருக்கும், சமநிலைக்காக மட்டும். எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்று ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் முதல் அடி.

இதை டிஸ்சார்ஜ் ஆகும் மணியில் சொல்லிக் கொடுத்து ஒன்றும் ஆகாது. ஒரு கையில் பில்லும் இன்னொரு கையில் பிள்ளையுமாக நிற்பவரிடம் தலையாட்டல்தான் கிடைக்கும். முந்தின நாள், அவரால் வர முடிகிற நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். எங்கே கை தடுமாறுகிறதோ அங்கே மறுபடி சொல்லிக் கொடுங்கள். 2014-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதியது: பார்த்துக்கொள்பவரின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அனுப்பும் முன் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுத் தர வேண்டும். அங்கே மற்ற மாநிலங்கள் பலவும் பின்தொடர்ந்தன. சட்டம் இல்லாத இடத்திலும் இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

மறுபார்வைக்கு எலும்பு, சர்க்கரை, தைராய்டு என்று மூன்று தேதி கொடுத்தால் மூன்று அரைநாள் விடுப்பு. ஒரே நாளில் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் படிவத்தில் நாங்கள் கேட்பது ஒரு கேள்விதான். சேர்க்கும் நாளிலேயே, பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு எழுத வேண்டும்: ‘வீட்டில் இவரைத் தவிர வேறு யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள், எந்தெந்த நேரம் உங்களால் முடியாது?’ பிள்ளைகளின் வயதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து நேரம், பூட்டு அலமாரி, பயிற்சிக்கு வரச் சொல்லும் மணி, மறுபார்வைத் தேதி எல்லாவற்றையும் அந்த ஒரு விடையைப் பார்த்தே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
வீடுகளுக்குச் சென்று முதியோரைப் பராமரிக்கும் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும்